ஆட்டோ டச்: டெம்பரா, கிளாஸா, காம்போவா, சர்வீஸ் சென்டரா?

பைக்கில் போகும்போது சட்டைப் பையிலிருந்து நழுவி விழுந்த போன். எடுத்துப் பார்த்தால் டெம்பரில் மட்டும் ஒரு மூலையில் சிலந்தி வலை மாதிரி விரிசல், உள்ளே டிஸ்ப்ளே பளிச்சென்று இருக்கிறது. தப்பித்தோம் என்று நினைத்தால் அன்று ராத்திரியே போன் தானாக யாருக்கோ கால் போடுகிறது, வாட்ஸ்அப்பில் ஒரே எழுத்தை வரிசையாகத் தட்டுகிறது, மூடிய ஆப் திரும்பத் திறக்கிறது. ரிப்பேர் கடைகளில் இதற்குப் பெயர் ஆட்டோ டச்.

தண்டையார்பேட்டையில் தெருமுனைக் கடைக்குப் போனால் "டெம்பர் மாத்திப் பாருங்க" என்பார்கள். பிராட்வே பக்கம் போனால் "கிளாஸ் மட்டும் மாத்தினா போதும்" என்பார்கள். பர்மா பஜாரில் "காம்போ போட்டாதான் நிக்கும்" என்று அடித்துச் சொல்வார்கள். சர்வீஸ் சென்டரில் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை ஒன்று எழுதிக் கொடுப்பார்கள். நான்கு பேரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நான்கும் சரியான பதிலாக இருக்கக்கூடிய போன்கள் இருக்கின்றன. உங்கள் போன் அதில் எது என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் கண்டுபிடித்துவிட முடியும். அதைச் செய்யாமல் விலையை மட்டும் ஒப்பிடுவதால்தான் ஒரே போனுக்கு இரண்டு முறை காசு போகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்பது. மேலே டெம்பர், அதன் கீழே போனின் சொந்தக் கண்ணாடி, அதன் கீழே டச் அடுக்கு, பிறகு படம் காட்டும் பேனல், அதிலிருந்து போர்டுக்குப் போகும் ஃப்ளெக்ஸ் பட்டை. எந்த அடுக்கு கெட்டதோ அதுவரைக்கும்தான் மாற்ற வேண்டும். அதற்கு மேலே உள்ளதை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

இரண்டாவது, உங்கள் போனில் இருப்பது எல்சிடியா, அமோலெட்டா என்பது. இதைப் பொறுத்து விலை இரண்டு மூன்று மடங்கு மாறும். டிஸ்ப்ளேவுக்குள் கைரேகை வைக்கும் போன் என்றால் அது அமோலெட் வகைதான். கைரேகை பவர் பட்டனில் அல்லது முதுகில் இருந்தால் எதுவாகவும் இருக்கலாம், மாடலைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இன்னும் எத்தனை மாதம் இந்தப் போனை ஓட்டப் போகிறீர்கள் என்பது. நான்காவது, அதில் வங்கியும் யூபிஐயும் இருக்கிறதா, தண்ணீர் தொடும் வேலையில் இருக்கும் போனா என்பது. காசிமேட்டில் ஏலம் எடுப்பவரின் போனும், மாதவரத்தில் ஏசி அறையில் மேசை மேல் இருக்கும் போனும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒரே முடிவு பொருந்தாது.

## கடைக்கு முன் பத்து நிமிடம்

முதலில் போனை மேசை மீது தட்டையாக வையுங்கள். ஆடுகிறதா? ஓரத்தில் டிஸ்ப்ளே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, பின்மூடி உப்பியிருக்கிறதா? அப்படியானால் பேட்டரி வீங்கி அடியிலிருந்து பேனலை நெட்டுகிறது. ஆட்டோ டச்சுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் போனைச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் டிஸ்ப்ளே பற்றிப் பேச்சு.

பேட்டரி சரி என்றால் அடுத்தது சார்ஜர். சார்ஜரில் போட்டிருக்கும்போது மட்டும் தானாகத் தட்டுகிறது, உருவினால் நின்றுவிடுகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் மட்டமான அடாப்டர்தான். டச் என்பது விரல் வரும்போது மின்தேக்கத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை அளப்பது. அடாப்டரிலிருந்து வரும் இரைச்சல் அந்த அளவுக்குள் புகுந்துவிட்டால் விரல் போலவே தெரியும். வேறு நல்ல அடாப்டரில் போட்டுப் பாருங்கள். விழுந்த அன்றே வேறு சார்ஜருக்கும் மாறியிருந்தால் பழியை விழுந்ததன் மேல் போடும் தவறு சுலபமாக நடக்கும்.

இப்போது முக்கியமான சோதனை. ஆண்ட்ராய்டு போனில் Settings, About phone என்று போய் Build number என்பதை ஏழு முறை தட்டுங்கள் (சாம்சங் போன்களில் அது Software information என்பதற்குள் இருக்கும்; ஷாவ்மி, ரெட்மி போன்களில் அங்கே இருக்கும் ஓஎஸ் பதிப்பைத் தட்ட வேண்டும்). Developer options திறக்கும். அதில் Pointer location என்பதை ஆன் செய்யுங்கள். டச் ஆகும் ஒவ்வொரு இடத்திலும் திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வரும். மேலே ஒரு பட்டையில் `P: 0 / 1` என்றும் பக்கத்தில் `X`, `Y` என்றும் எண்கள் ஓடும். தானாகத் தட்டிக்கொண்டே இருப்பதால் செட்டிங்ஸ் வரைகூடப் போக முடியவில்லை என்றால், ஓடிஜி அடாப்டர் போட்டு ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸைச் செருகுங்கள். அம்புக்குறி வந்துவிடும், அதை வைத்துப் போகலாம். ஆன் செய்ததும் மவுஸை உருவிவிடுங்கள்.

போனை மேசையில் வைத்துவிட்டு, தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். மூன்று வகைகளில் ஒன்று தெரியும்.

முதல் வகையில் ஏதாவது ஒரு எண் மட்டும் அசையாமல் நிற்கும். `X` 1012 பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், `Y` மட்டும் 300, 1740, 820 என்று தாவும். அதாவது மேலிருந்து கீழ் ஒரே நேர்கோட்டில் தட்டிக்கொண்டிருக்கிறது. டச் அடுக்கு என்பது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய மின்கோடுகளின் வலை. அதில் ஒரு நெட்டுக்கோடு அறுந்தால் இப்படித்தான் தெரியும். குறுக்குக்கோடு அறுந்தால் `Y` நின்று `X` தாவும். இது டெம்பர் மாற்றிச் சரியாகிற விஷயம் இல்லை.

இரண்டாம் வகையில் ஒரே மூலையில், விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் கொத்தாக வரும். ஈரமான நாளில், வியர்த்த கையோடு பேசிய பிறகு அதிகமாகும், காற்றாட வைத்தால் குறையும். இது ஈரம். டெம்பரில் நின்று போகவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாம் வகையில் முழுத் திரையிலும் எங்கெங்கோ மின்னும், நடுவில் டச்சே செத்துப்போய்த் திரும்ப வரும். போனை இரண்டு கையால் பிடித்து மிக மெதுவாக முறுக்கினால் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் ஃப்ளெக்ஸ் கனெக்டர் அசைந்திருக்கிறது அல்லது விழுந்ததில் ஃப்ரேம் வளைந்து பேனலை நெருக்குகிறது. இந்த வகைக்கு மலிவான தீர்வும் உண்டு, மிகச் செலவான தீர்வும் உண்டு. திறந்து பார்த்தால்தான் தெரியும்.

சாம்சங் போனில் டயலரில் `*#0*#`, ஷாவ்மி போனில் `*#*#6484#*#*` அடித்தால் டெஸ்ட் மெனு வரும், அதில் டச் டெஸ்டைத் திறங்கள். கட்டங்களை விரலால் பூசிக்கொண்டே போனால் எந்தக் கட்டம் நிறம் மாறவில்லையோ அங்கே டச் செத்திருக்கிறது. இதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பேரம் பேசும்போது உதவும்.

சோதனையெல்லாம் முடிந்ததும் போனை அணைத்து வையுங்கள். தானாகத் தட்டும் போன் லாக் ஸ்கிரீனில் தப்புப் பின் போட்டுப் போட்டுப் பூட்டிக்கொள்ளும். Emergency வழியாக 112க்குக் கால் போய் நிற்கும். தப்பு முயற்சி அதிகமானால் தானே அழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் எல்லாம் போய்விடும். அவசரத்துக்குச் சிம்மை எடுத்து வேறு போனில் போட்டு யூபிஐயை அங்கே பதிவு செய்துகொள்ளலாம். புதிய போனில் முதல் 24 மணி நேரத்துக்குத் தொகை வரம்பு இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## வழி 1: டெம்பரை எடுத்துப் பார்ப்பது

செலவு 100 முதல் 200 ரூபாய். புது டெம்பர் வாங்காமல் சோதித்தால் அதுவும் இல்லை. இரண்டாம் வகை, அதாவது மூலைக் கொத்து, என்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

டெம்பர் கண்ணாடி மின்சாரம் கடத்தாது, அதனால் உடைந்த டெம்பர் தானாக எதையும் தட்டாது. தட்டுவது அதற்குள் நிற்கும் வியர்வையும் தண்ணீரும். விரிசலுக்குள் இறங்கிய ஈரம் ஒரு மெல்லிய படலமாகப் பரவி விரல் வைத்த மாதிரித் தோற்றம் காட்டுகிறது. திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் இதில் உப்பும் சேர்கிறது. கடல் காற்றிலும் மீன் தண்ணீரிலும் வரும் உப்பு, காய்ந்த பிறகும் காற்றில் உள்ள ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் சரியாக இருந்த போன் சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும். அரிசிக்குள் போட்டு வைப்பது இந்த உப்பை எடுக்காது.

போனை அணையுங்கள். விரிசல் முழுக்க அகல செலோ டேப்பை ஒட்டுங்கள், சில்லு கையில் ஏறாமல் இருக்கும். உள்ளங்கையால் சூடுபடுத்தி, பழைய ஏடிஎம் கார்டின் முனையை ஓரத்தில் நுழைத்துத் தூக்குங்கள். வளைந்த டிஸ்ப்ளேவுக்கு யூவி பசை ஊற்றி ஒட்டிய டெம்பர் என்றால் வீட்டில் முயல வேண்டாம். அது விடாது, நெம்பினால் கீழே உள்ள கண்ணாடி போகும். எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, பிறகு 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் சில மணி நேரம் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

டார்ச்சைச் சாய்வாக அடித்துப் போனின் சொந்தக் கண்ணாடியைப் பாருங்கள், நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் அந்தக் கண்ணாடியும் போயிருக்கிறது. மாட்டவில்லை என்றால் ஒரு நாள் முழுக்க டெம்பரே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். சாம்சங் போனில் Touch sensitivity ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். தடித்த டெம்பருக்காக உணர்திறனைக் கூட்டும் வசதி அது, இரைச்சலையும் சேர்த்துக் கூட்டும். ஒரு நாளில் ஒரு கோடுகூட வரவில்லை என்றால் புது டெம்பர் ஒட்டிக்கொள்ளலாம், ஓரத்தில் மட்டும் பசை உள்ளதை விட முழுவதும் பசை உள்ளதாக.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்றே. முதல் வகை போனுக்கும் இதையே நம்பி இரண்டு மூன்று முறை டெம்பர் மாற்றி, அதற்குள் பின் பூட்டிக்கொண்டு தரவு போவது. நெட்டுக்கோடு தெரிந்தால் இந்த வழியைத் தாண்டிவிடுங்கள்.

## வழி 2: கிளாஸ் மட்டும் மாற்றுவது

நான்கில் அதிகம் ஏமாற்றம் தருவது இதுதான். காரணம் கடைக்காரர் இல்லை, போனின் அமைப்பு.

பழைய போன்களில் டச் அடுக்கு மேல் கண்ணாடியோடு ஒட்டித் தனியாக இருந்தது. "டச் மாத்தணும்" என்று அப்போது சொன்னது அதைத்தான். இன்றைய பெரும்பாலான போன்களில் டச் அடுக்கு பேனலுக்குள்ளேயே அல்லது பேனலின் மேல்முகத்திலேயே இருக்கிறது. மேல் கண்ணாடி வெறும் கண்ணாடி. கிளாஸ் மாற்றும் வேலையில் சூட்டுத் தட்டில் வைத்து மெல்லிய கம்பியால் கண்ணாடியை அறுத்துப் பிரித்து, ஓசிஏ எனும் ஒட்டுப் படலம் போட்டு, புதுக் கண்ணாடியை வெற்றிட மெஷினில் ஒட்டி, குமிழி நீக்கும் அழுத்தப் பெட்டியில் வைப்பார்கள். எல்லாம் சரியாக நடந்தாலும் டச் அடுக்கு பழையதே. அறுந்த கோடு அறுந்தபடியே இருக்கும்.

ஆகவே கண்ணாடி உடைந்து, ஆனால் உலர்ந்திருக்கும்போது ஆட்டோ டச் முற்றிலும் நின்றுவிடுகிறது, டச் டெஸ்டில் எல்லாக் கட்டமும் நிறம் மாறுகிறது, படத்தில் கோடோ கறையோ இல்லை என்றால் மட்டும் இந்த வழி பொருந்தும். அப்போது ஈரம் இறங்கும் விரிசலை மூடினால் போதும். விலை மாடலைப் பொறுத்துச் சுமார் 800 முதல் 2,000 வரை கேட்பார்கள். அமோலெட் பேனலை அறுக்கும்போது பச்சைக் கோடு விழுந்து பேனலே போவது அரிதில்லை. "அறுக்கும்போது போனா யார் பொறுப்பு?" என்று வேலையை ஆரம்பிக்கும் முன் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் கிளம்பிவிடலாம்.

## வழி 3: கடையில் காம்போ போடுவது

கண்ணாடி, டச், பேனல், ஃப்ளெக்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றாக வருவதுதான் காம்போ. முதல் வகைக்கு இது முழுத் தீர்வு. மூன்றாம் வகைக்கும் ஃப்ரேம் வளையாமல் இருந்தால் பெரும்பாலும் தீர்வு. சாதாரண எல்சிடி போனுக்கு வேலையோடு 1,200 முதல் 2,500க்குள் முடியும். அமோலெட் போனுக்கு வந்தால் கதை வேறு. அங்கே ஒரே மாடலுக்கு மூன்று சரக்கு கிடைக்கும், விலையும் தரமும் மூன்று விதம்.

கம்பெனி பேனல் ஒன்று, அதைப் பிரித்தெடுத்தோ புதிதாகவோ விற்பது. இன்னொரு தயாரிப்பாளர் செய்த ஓஎல்இடி, அதாவது அமோலெட் வகையே, ஒன்று. மூன்றாவது இன்செல், அதாவது அமோலெட் இருந்த இடத்தில் எல்சிடி. இந்த மூன்றாவதுதான் பாதி விலைக்குக் கிடைப்பது. தடிப்பு கொஞ்சம் கூடும், கறுப்பு சாம்பலாகத் தெரியும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், டிஸ்ப்ளேவுக்குள் வைக்கும் கைரேகை வேலை செய்யாது. டச்சும் பழையது போல் நுணுக்கமாக இருக்காது, சார்ஜரில் போட்டால் மறுபடி தட்டும் பேனல்களும் இதில்தான் அதிகம்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. டச் சிப் வேறு தயாரிப்பு என்பதால் சாஃப்ட்வேர் அப்டேட் வந்த மறுநாள் டச் செத்துப்போகலாம். 2018இல் iOS 11.3 வந்தபோது வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றிய சில ஐபோன் 8களில் டச் நின்றுபோனது. ஆப்பிள் 11.3.1 விட்டுச் சரிசெய்தது. எல்லா நிறுவனமும் அப்படித் திருத்தம் விடும் என்று காத்திருக்க முடியாது.

கடையில் ஒட்டும் முன்பே சோதிக்கச் சொல்லுங்கள். புது காம்போவை ஒட்டாமல், கனெக்டரை மட்டும் செருகி ஆன் செய்ய முடியும். அப்போதே டச் டெஸ்ட், Pointer location, பிறகு உங்கள் சார்ஜரில் போட்டு ஐந்து நிமிடம். சரியென்றால்தான் பசை. பழைய டிஸ்ப்ளேவின் முதுகில் இருந்த செம்பு ஃபாயிலும் கறுப்பு டேப்பும் புதியதில் ஒட்டப்படுகிறதா என்று எட்டிப் பாருங்கள். அது தரையிணைப்பு. அதை விட்டுவிட்டால் புது டிஸ்ப்ளேவிலும் சார்ஜரில் ஆட்டோ டச் வரும், கடைக்காரர் "செட்டு டிஃபெக்ட்" என்பார். ஃப்ளெக்ஸை மடிக்கும் இடத்தில் மடிப்பு கூர்மையாக இருந்தாலும் இதே கதை.

பி-7000 மாதிரிப் பசை முழுசாக இறுக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அரை மணியில் ரப்பர் பேண்டை உருவிக் கையில் கொடுத்தால் ஓரம் தூக்கும். இறுக்கிக் கட்டினால் பேனலில் அழுத்தக் கறை விழும். போன் வாங்கும்போது இருந்த தண்ணீர்த் தடுப்பு இதற்குப் பிறகு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சேலைக்கடை மாதிரி "ஒரிஜினல்தான்" என்பதோடு விடாதீர்கள். "இன்செலா, ஓஎல்இடியா, கம்பெனியா?" என்று கேட்டு அந்த வார்த்தையையே பில்லில் எழுதி வாங்குங்கள். "டெஸ்டிங் வாரண்டி" என்றால் கடையிலிருந்து இறங்கும்வரை என்று பொருள். மொத்த விலைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம் என்று நினைப்பவர்கள் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் காம்போவைத் தனியாக வாங்கி வந்து இங்கே மாட்டச் சொன்னால், கோளாறு வரும்போது மாட்டியவர் சரக்கைக் குறை சொல்வார், விற்றவர் மாட்டியதைக் குறை சொல்வார். மிச்சமாகும் முந்நூறு ரூபாய்க்கு அந்த அலைச்சல் கட்டாது.

## வழி 4: சர்வீஸ் சென்டர்

விழுந்ததால் வந்த கோளாறு வாரண்டியில் வராது, கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே அடிபட்ட அடையாளம் பார்த்தால் மறுப்பார்கள். எனவே முழு விலைதான். பல அமோலெட் மாடல்களில் டிஸ்ப்ளேவை ஃப்ரேமோடு சேர்த்தே மாற்றுவார்கள், சில மாடல்களில் பேட்டரியும் அதோடு வரும். அதனால்தான் தொகை கடை விலையை விட ஒன்றரை, இரண்டு மடங்கு. ஆனால் வளைந்த ஃப்ரேம் பிரச்சினையும், தரையிணைப்பு ஃபாயில் விடுபடும் பிரச்சினையும் இங்கே தானாகத் தீர்கிறது. அசல் பேனல் என்பதால் கைரேகையும் அப்டேட்டும் பழையபடி இருக்கும், வேலைக்கும் பேனலுக்கும் எழுத்தில் வாரண்டி வரும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. போனை ரீசெட் செய்வோம் என்று கையெழுத்து வாங்குவார்கள், பேக்கப் உங்கள் பொறுப்பு. அதைத்தான் ஓடிஜி மவுஸ் போட்டு முன்பே முடிக்க வேண்டும். அடுத்தது, பழைய மாடலுக்கு ஸ்பேர் வர நாள் ஆகும், அத்தனை நாளும் வேறு போன் வேண்டும். ரீசெட் தேவையில்லை என்று சொன்னால் சாம்சங்கில் Maintenance mode போட்டுக் கொடுக்கலாம். பின்னை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

| | டெம்பர் | கிளாஸ் | கடை காம்போ | சர்வீஸ் சென்டர் |
|---|---|---|---|---|
| தீர்ப்பது | மேல் ஈரம் | விரிசல் வழி இறங்கும் ஈரம் | டச், பேனல், ஃப்ளெக்ஸ் | அதோடு பல மாடலில் ஃப்ரேமும் |
| சுமார் செலவு | 100–200 | 800–2,000 | எல்சிடி 1,200–2,500, அமோலெட் அதற்கு மேல் | கடையை விட ஒன்றரை, இரண்டு மடங்கு |
| நேரம் | ஒரு நாள் சோதனை | சில மணி நேரம் | அரை நாள், பசை இறுக ஒரு நாளுக்கு மேல் | ஒன்று முதல் சில நாள் |
| மறைந்த செலவு | வீணாகும் நாட்கள் | அறுக்கும்போது பேனல் போவது | கைரேகை, அப்டேட், தண்ணீர்த் தடுப்பு | ரீசெட், காத்திருப்பு |
| தேர்ந்தெடுக்க | மூலையில் கொத்து | உலர்ந்தால் முற்றும் நிற்கும்போது | எல்சிடி போன், ஒரு வருடத்துக்குள் மாற்றும் போன் | அமோலெட், இன்னும் நெடுநாள் ஓடும் போன் |

## ஒரு கணக்கு

உணவு டெலிவரி செய்யும் ஒருவரின் போனை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடம் முன் 18,000க்கு வாங்கிய அமோலெட், டிஸ்ப்ளேவுக்குள் கைரேகை. வியாசர்பாடி பாலத்துக்குக் கீழே விழுந்தது. டெம்பரில் வலது மேல் மூலை உடைந்தது. டைப் செய்யும்போது வலது ஓரத்தில் உள்ள 'p' தானாக விழுகிறது.

டெம்பரை எடுத்து, துடைத்து, டார்ச் அடித்தால் உள்கண்ணாடியில் விரிசல் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் "அப்ப டெம்பர்தான் காரணம்" என்று நிறுத்துகிறார்கள். Pointer location போட்டால் `X` 1010க்கும் 1020க்கும் நடுவிலேயே நிற்கிறது, `Y` தாவுகிறது. கண்ணாடி முழுசாக இருந்தாலும் அதன் அடியில் கோடு அறுந்திருக்கிறது. மூலையில் பட்ட அடி கண்ணாடியை உடைக்காமல் பேனலின் ஓரத்தை உடைப்பது உண்டு. டெம்பர், கிளாஸ் இரண்டும் இங்கேயே விழுந்துவிட்டன. மீதி இரண்டு.

அவரிடம் சொன்ன விலைகள் இப்படி என்று வைப்போம்: இன்செல் காம்போ 2,200, ஓஎல்இடி காம்போ 4,000, சர்வீஸ் சென்டர் ஃப்ரேமோடு 6,500. அவர் இன்னும் 18 மாதம் ஓட்ட நினைக்கிறார். சர்வீஸ் சென்டர் மாதத்துக்கு 361 ரூபாய். ஓஎல்இடி 222. இன்செல் 122தான், ஆனால் கைரேகை இல்லாமல் ஒரு நாளைக்கு ஐம்பது முறை பின் தட்ட வேண்டும், வெயிலில் மேப் மங்கும், பேட்டரி சாயங்காலத்துக்குள் இறங்கி பவர் பேங்க் தேடும். நாள் முழுக்க வெயிலில் போனைப் பார்த்துப் பிழைக்கிறவருக்கு இன்செல் மலிவு இல்லை. ஃப்ரேம் வளையவில்லை என்றால், எழுத்தில் வாரண்டி தரும் கடையில் ஓஎல்இடி போடுவேன். கண்ணாடி மேசையில் போனைக் கவிழ்த்து வைத்தபோது ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் சர்வீஸ் சென்டர்தான். வளைந்த ஃப்ரேமில் புதுப் பேனலை ஒட்டினால் அதுவும் இரண்டு மாதத்தில் தட்ட ஆரம்பிக்கும்.

அதே அடி, அதே நெட்டுக்கோடு, ஆனால் 8,000 ரூபாய் எல்சிடி போன், கைரேகை பவர் பட்டனில் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிவு: 1,500க்குக் கடை காம்போ. சர்வீஸ் சென்டரில் 3,000 சொன்னால் அதைக் கொடுக்கக் காரணமே இல்லை.

## காம்போ போட்டும் நிற்கவில்லை என்றால்

ஒட்டாமல் செருகிச் சோதித்த புதுப் பேனலும் அதே போல் தட்டினால் கோளாறு பேனலில் இல்லை. போர்டில் இருக்கும் டச் கனெக்டரோ டச் ஐசியோ அடிவாங்கியிருக்கிறது. 2016இல் ஐபோன் 6 பிளஸில் ஆப்பிளே ஒத்துக்கொண்ட டச் கோளாறு இந்த வகைதான்: கெட்டியான தரையில் பலமுறை விழுந்து, பிறகும் அழுத்தம் பட்ட போன்களில் வந்தது. அவற்றில் பல டிஸ்ப்ளே மாற்றியும் சரியாகவில்லை, போர்டில் டச் ஐசியைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலை தெரிந்தவர் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பார், ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்று சொல்ல மாட்டார். 10,000க்குக் குறைவான போனுக்கு இதில் காசு போடுவதை விட, மவுஸ் போட்டுத் தரவை எடுத்துக்கொண்டு போனை ஸ்பேருக்குக் கொடுத்துவிடலாம்.

வேலை முடிந்து போனை வாங்கும்போது கடையிலேயே மூன்று பாருங்கள். உங்கள் சார்ஜரில் போட்டு Pointer location-ஐ ஐந்து நிமிடம். காதோரம் வைத்து ஒரு கால், திரை அணைகிறதா என்று, ஏனென்றால் ஒட்டும்போது அருகாமை சென்சார் மேல் பசை ஏறினால் கன்னமே ஆட்டோ டச் செய்யும். பிறகு நான்கு ஓரத்திலும் நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று சத்தம் வந்தால் இன்னும் ஒரு நாள் ரப்பர் பேண்டோடு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.